கீறல் இல்லாத கை

ரோஜா பறிக்கிற மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் வேறு நோய் வராது. தும்மினால் ரோஜா, தலை சுற்றினால் ரோஜா, கை சிவந்தால் கேட்கவே வேண்டாம். மே மாதம் முழுக்க என் சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் நோயைச் சொல்வதில்லை, களிம்பின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பதினான்கு வருடமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன். நெஜ்மாவிடம் போனால் ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சும்மா வாங்கவில்லை, கேட்டுக் கேட்டுச் சம்பாதித்தது.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் கெல்தூம். படத்தில் இருந்தது அவளுடைய அண்ணி துதாவின் முன்கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள், விரல் நுனியில் மருதாணி. கூடவே கெல்தூமின் குரல்.

"நர்ஸ் அக்கா, அண்ணிக்கு ரோஜா அரிப்பு. போன வருஷம் எனக்குக் குடுத்தீங்களே, அந்த வெள்ளைக் களிம்பு, அதே போதும். நீங்க ஒண்ணும் மெனக்கெட வேணாம், குடும்பக் குரூப்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

குடும்பக் குரூப்பில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். காசாபிளாங்காவில் டாக்ஸி ஓட்டும் சித்தப்பா அது ரோஜாதான் என்று சொல்லிவிட்டார். பிரான்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு எதிரே காய்கறி விற்கும் மச்சான் அதை ஆமோதித்துவிட்டார். மருந்துக் கடைக்கு எதிரே விற்பதால் அவர் பாதி டாக்டர். ஸ்பெயினில் மிளகாய்க் கூடாரத்தில் வேலை செய்யும் துதாவின் கணவன் லஹ்சன் ஓர் இதயமும் ஒரு ரோஜாப்பூவும் போட்டிருந்தான். ஆக, நோய் முடிவாகிவிட்டது, நான் களிம்பு கொடுத்தால் போதும்.

கொடுத்திருப்பேன். பொய் சொல்வானேன், குழாயைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் பழக்க தோஷத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்தப் பழக்கம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் தோல் டாக்டர் கிஸ்லான் எனக்குத் தந்தது. நான் முதல் முதலில் அவருக்கு அனுப்பிய படம் ஒரு முதுகு. வெறும் முதுகு, கீழே ஒரு வார்த்தை இல்லை. பதில் வந்தது: "முதுகு வந்து சேர்ந்தது. ஆள் எங்கே?" அதிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு நோயாளிக்கு மூன்று படம்: தள்ளி நின்று ஒன்று, ஒரு திர்ஹம் காசைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, மேடா தட்டையா என்று தெரியப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. படங்களோடு எட்டு வரி. எப்போது, எங்கே ஆரம்பித்தது, அரிப்பா வலியா, தொட்டால் எப்படி, அழுத்தினால் வெளுக்கிறதா, காய்ச்சல் உண்டா, வாயும் கண்ணும் மறைவிடமும் எப்படி இருக்கின்றன, புதிதாக உள்ளே போன மருந்து என்ன. எட்டு வரி இல்லாத படத்தை டாக்டர் திறக்கவே மாட்டார். என்னைவிடப் பிடிவாதக்காரி என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

பெரிதாக்கிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கை அழகாக இருந்தது. பிரச்சினையே அதுதான். ஒரு முடி இல்லை, மச்சம் இல்லை, முக்கியமாக ஒரு கீறல் இல்லை. அறுவடை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்த ஊரில் ரோஜா பறிக்கிற எந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாலும் பூனையோடு சண்டை போட்ட மாதிரி இருக்கும். என் மேஜையில் மாத்திரை எடுத்து வைக்கிற என் கையிலேயே நாலு கோடு இருக்கிறது. துதாவின் கை மட்டும் எப்படிப் பட்டுத் துணியாக இருக்கும்?

கெல்தூமைக் கூப்பிட்டேன். "எதுலடீ எடுத்த இந்தப் படத்தை?"

"என் போன்லதான் அக்கா. கல்யாணத்துக்கெல்லாம் எடுப்போமே, அந்த அழகு ஆப்புல. அதுல எடுத்தா தோல் நல்லா வரும்."

"நோயைக் காட்ட எடுத்த படத்துல தோல் எதுக்குடீ நல்லா வரணும்?"

"குரூப்ல ஆம்பளைங்கல்லாம் இருக்காங்களே அக்கா. அண்ணியோட கை அசிங்கமா போகலாமா?"

அவளைத் திட்டி என்ன செய்ய. முகத்தையும் உடம்பையும் நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்ப முடியாது என்பதால் கையை மட்டும் எடுத்திருக்கிறாள், அதையும் அலங்கரித்து எடுத்திருக்கிறாள். கீறலை அழித்த அந்த ஆப், கீறலோடு வேறு எதை அழித்தது என்று எனக்குத் தெரியாது. துதாவை அழைத்து வரச் சொன்னேன். எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறாள் என்றாள். ரோஜா அரிப்புக்கு யாரும் படுத்துக்கொள்வதில்லை. களிம்பை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டுக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். காரணம் துதாவின் மாமியார் தமு; வயதில் பெரியவள் என்பதால் லல்லா தமு என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். பேச்சு குறைவு, பார்வை அதிகம். துதா கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. ரொட்டி அடுப்புப் பக்கம் அவளை அண்ட விட்டதே இல்லை. மொட்டை மாடிக்கு மிளகாய் காயப்போடத் தனியாக அனுப்புவதில்லை. மகன் ஸ்பெயினுக்குப் போன அன்றே தன் படுக்கையை மருமகளின் அறையில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். காவல் நாய் மாதிரி என்று தண்ணீர் எடுக்கிற இடத்தில் பெண்கள் பேசுவார்கள். நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன்.

லல்லா தமு வாசலிலேயே நின்றாள். கையில் மாவு.

"களிம்பு கொண்டாந்தியா?"

"ஆளைப் பாக்கணும் லல்லா."

"படம் அனுப்பினாளே. அதுல தெரியலையா?"

"அதுல உங்க மருமக ரோஜாவே பறிக்கலைன்னு தெரியுது. பன்னெண்டு நாளா ராணி மாதிரி உட்கார வச்சிருக்கீங்களா என்ன?"

அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு வழிவிட்டாள்.

துதா சுவரோரம் படுத்திருந்தாள். இருபத்திரண்டு வயது. வயலுக்குப் போகிறவர்கள் கட்டுவது போல முக்காட்டால் வாயை மூடி மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தாள். வீட்டுக்குள் ஏன் அப்படிக் கட்டியிருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கையைத் தொட்டேன். சுட்டது. முப்பத்தொன்பது டிகிரி.

"லல்லா, நான் உடம்பு முழுக்கப் பாக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் பாக்காத உடம்பா?"

"நீங்க பாத்திருக்கலாம். அவளுக்குக் கூச்சம் இருக்கும்ல. போய் டீ போடுங்க. இல்ல, டீ வேணாம், ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் குடுங்க. தங்கக் கோடு போட்டது வேணாம், வெறும் கண்ணாடி."

டம்ளர் வந்தது. கதவைச் சாத்தினேன். சன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டேன். கையில் கீறல்கள் இருந்தன, வேண்டிய அளவு இருந்தன. அந்தக் கீறல்களுக்கும் புள்ளிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முள் படாத இடத்தில்தான் புள்ளி அதிகம். சட்டையை அவிழ்க்க உதவினேன். கை ஒன்றுமே இல்லை, மார்பும் முதுகும் நிறையப் பரவியிருந்தது. ஓரம் சிவப்பு, நடுவில் பழுத்த அத்திப்பழத் தோலின் கறுப்பு. முதுகில் ஓரிடத்தில் தோல் மெல்லிய கொப்புளமாக எழும்பியிருந்தது.

"அரிக்குதா?"

"இல்லக்கா. எரியுது. துணி பட்டாலே வலிக்குது."

வலி. களிம்பு பிரச்சினை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. எந்தப் படத்திலும் அரிப்பையும் வலியையும் பிரித்துப் பார்க்க முடியாது, படுத்திருப்பவள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. டம்ளரை ஒரு புள்ளியின் மேல் வைத்து மெல்ல அழுத்தினேன். கண்ணாடிக்குக் கீழே ஓரத்துச் சிவப்பு வெளுத்தது. நடுவில் இருந்த கறுப்பு அப்படியே நின்றது. மருதாணி பூசிய உள்ளங்கையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"முக்காட்டை எடு."

"வாயில சூடு பட்டுருச்சுக்கா. டீ குடிச்சப்போ."

"எடு பாக்கலாம்."

உதடு வெடித்திருந்தது. உள்ளே கன்னத்திலும் நாக்கின் அடியிலும் தோல் உரிந்து புண்ணாக இருந்தது. எந்த டீயும் நாக்கின் அடியில் போய்ச் சுடாது. கண் சிவந்திருந்தது, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றாள். சிறுநீர் போகும்போதும் எரிகிறதாம். முதலில் மூன்று நாள் வெறும் காய்ச்சலும் தொண்டை வலியும், நேற்று முன்தினம் மார்பில் புள்ளி, நேற்று முதுகு, இன்றைக்குக் கை. கெல்தூம் படம் எடுத்தது கடைசியாக வந்த இடத்தை, அதுவும் இருப்பதிலேயே லேசான இடத்தை.

இந்த வரிசை எனக்குத் தெரிந்த ஒரு நோயின் வரிசை. புத்தகத்தில் படித்திருக்கிறேன், டாக்டர் கிஸ்லான் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. உடம்பு தன் தோலையே உதறிவிடுகிற நோய் அது. பெரும்பாலும் ஒரு மருந்தினால் வருவது. அந்த மருந்து உள்ளே போகப் போக உயிருக்கு ஆபத்து, பிழைத்தாலும் கண்பார்வைக்கு ஆபத்து. எட்டாவது வரிதான் எல்லாவற்றுக்கும் சாவி.

"துதா, புதுசா என்ன மாத்திரை சாப்பிடற?"

"ஒண்ணுமில்ல."

"வலி மாத்திரை, தொண்டைக்கு ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லக்கா."

சொன்னது நாக்கு. கண் அறை மூலையில் தொங்கிய மருதாணிப் பைக்குப் போய்விட்டுத் திரும்பியது. நான் எழுந்து பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். திறக்கவில்லை. அவளே திறக்கட்டும் என்று இருந்தேன். மருதாணித் தூளுக்குள் விரலை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். வலிப்புக்கான மாத்திரை. பத்து மாத்திரையில் எட்டு தீர்ந்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"பதினெட்டு நாள். பெருநாளைக்கு அம்மா வீட்டுக்குப் போனப்போ அங்க டாக்டர்கிட்ட காட்டினோம். இது ரெண்டாவது அட்டை." குரல் இறங்கிவிட்டது. "சின்ன வயசுல வந்துட்டு நின்னு போச்சு. இப்ப மறுபடியும் வருதுன்னு நெனைக்கிறேன். காலையில எந்திரிச்சா நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. எங்க பெரியம்மா பொண்ணைப் பெட்டியோட திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. ஜின் புடிச்சவன்னு சொல்லி. நீங்க எழுதிடாதீங்க."

"டாக்டருக்கு எழுதுவேன். என் போன்லருந்து, டாக்டர் ஒருத்தருக்கு மட்டும். நாற்பத்து மூணு பேருக்கு இல்ல."

"மாமியாருக்கு?"

"என் வாயிலருந்து வராது. அது உன் விஷயம். ஆனா இந்த மாத்திரை இனி ஒண்ணுகூட உன் வாய்க்குள்ள போகக் கூடாது."

அவள் சம்மதித்துத் தலையாட்டினாள். முகத்தை விட்டுவிட்டு மூன்று படம் எடுத்தேன், சன்னல் வெளிச்சத்தில், காசு வைத்து, எந்த அழகும் சேர்க்காமல். வாய்ப் புண்ணைப் படத்தில் பிடிக்கப் பார்த்தேன், இருட்டும் பளபளப்பும்தான் விழுந்தது. அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மாடியில் மட்டும்தான் சிக்னல் வரும். படியேறிப் போய் எழுதினேன்:

"பெண், இருபத்திரண்டு. காய்ச்சல் முப்பத்தொன்பது, ஆறு நாளாக. புள்ளி மூன்று நாளாக, மார்பில் ஆரம்பித்து முதுகு, கை. அரிப்பு இல்லை, வலி. தட்டை, நடுவில் கறுப்பு, அழுத்தினால் நடு வெளுக்கவில்லை. முதுகில் ஒரு கொப்புளம். படத்தில் தெரியாதவை: உள்ளங்கையில் மருதாணி, அதற்கடியில் தொட்டால் வலி. உதடு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, எல்லா இடத்திலும் புண். கண் சிவப்பு, உறுத்தல். சிறுநீர் எரிச்சல். பதினெட்டு நாளாக வலிப்பு மாத்திரை, பெயரை அட்டையிலிருந்து பார்த்துக் கீழே எழுதியிருக்கிறேன். மாத்திரை விஷயம் குடும்பத்துக்குத் தெரியாது."

நான்கு நிமிடத்தில் டாக்டர் கூப்பிட்டார்.

"நெஜ்மா, படம் மட்டும் வந்திருந்தா வைரஸ் காய்ச்சல்னு நினைச்சிருப்பேன். கடைசி நாலு வரியைப் படிச்சதும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். மாத்திரையை நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு."

"உடனே கிளம்புங்க. நான் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும், ஆனா பாக்கறதுக்காகக் காத்திருக்கற நேரமில்ல இது. தோலைத் தேய்க்காதீங்க, களிம்பு, மருதாணி, பன்னீர் எதுவும் வேணாம். சுத்தமான துணி மேல படுக்க வச்சுக் கொண்டாங்க. மாத்திரையை நிறுத்தினதால வழியில வலிப்பு வரலாம், அதுக்கு ஊசி மருந்து கையில இருக்கட்டும். கண் டாக்டருக்கு இப்பவே சொல்லி வைக்கிறேன்."

ஆம்புலன்ஸ் ஓட்டும் ஹம்முவுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வருகிறேன் என்றான். கீழே இறங்கி வந்தால் படியின் அடியில் லல்லா தமு.

"யாருக்கு ஆம்புலன்ஸ்?"

"துதாவுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ரோஜா அரிப்புக்கா?"

"ரோஜா இல்ல லல்லா. ரொம்ப மோசமானது."

"என்னது?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். துதாவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. "உடம்புக்குள்ள ஏதோ ஒத்துக்கலை" என்றேன். எனக்கே அது களிம்பு மாதிரி வழவழவென்று கேட்டது.

"அந்த வண்டி வாசல்ல நின்னா ஊரே வந்து கேக்கும், உன் மருமகளுக்கு என்ன நோய்னு. நான் என்ன சொல்றது? என்னன்னு தெரியாம என் வீட்டுப் பொண்ணை நான் வண்டியில ஏத்த மாட்டேன். லஹ்சன்கிட்ட கேக்கணும். குரூப்ல போட்டுக் கேளு கெல்தூம்."

"குரூப்ல போட்டா இன்னும் நாற்பத்து மூணு பேரு ரோஜான்னு சொல்லுவாங்க" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "லல்லா, ஒரு வருஷமா அந்தப் பொண்ணை அடுப்புப் பக்கம் விடாம, மாடிக்கு விடாம, ராத்திரியும் காவல் காத்து வச்சிருக்கீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்க. கண்ணு போயிரும் அவளுக்கு. உசிரே போயிரும்."

லல்லா தமுவின் முகத்தில் அடித்த மாதிரி ஆனது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அறைக் கதவு திறந்தது. துதா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்காடு இல்லை. உரிந்த உதட்டோடு, சிவந்த கண்ணோடு, மருதாணித் தூள் ஒட்டிய மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நர்ஸ் அக்காவைக் கேக்காதீங்க லல்லா. என்னைக் கேளுங்க. எனக்கு வலிப்பு வரும். உங்ககிட்ட மறைச்சுட்டேன். இந்த மாத்திரைதான் இப்படிப் பண்ணிருச்சு. பெட்டியைக் கட்டறதுன்னா கட்டுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கெல்தூம் வாயைப் பொத்திக்கொண்டாள். லல்லா தமு அட்டையை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மாத்திரை உண்டுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "தெரிஞ்சிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

துதாவுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை. லல்லா தமு கெல்தூம் பக்கம் திரும்பி, துவைத்த வெள்ளை விரிப்புகள் இரண்டையும் எடுத்து வரச் சொன்னாள். வண்டி வந்ததும் தானே முன்னால் ஏறிக்கொண்டாள். வாசலில் கூடியவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். "உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறோம், பூ வாடறதுக்குள்ள போய்ப் பறிங்க" என்றாள். அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பள்ளத்தாக்கைத் தாண்டித் தார்ச் சாலைக்கு வந்ததும் சிக்னல் வந்தது. டாக்டர் கிஸ்லான் மறுபடி கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நரம்பு டாக்டர் என் பக்கத்துல இருக்கார். மாத்திரையை மாத்தணும். இதே வகையில சேராததாப் பாத்துக் குடுக்கணும். அதுக்கு அவளுக்கு எந்த மாதிரி வலிப்புன்னு தெரியணும். எத்தனை தடவை, எப்படி ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம். அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

துதாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அந்த நேரத்துல நான் இருக்க மாட்டேனே" என்றாள்.

உண்மைதான். படம் இல்லை, எழுத்து இல்லை, சொந்தக்காரிக்கே நினைவில்லை. தெரியாது என்று டாக்டரிடம் சொல்ல நான் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"எழுதிக்க" என்றாள் லல்லா தமு.

திரும்பிப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அஞ்சு தடவை. முதல் தடவை கல்யாணமாகி நாப்பதாம் நாள், விடியறதுக்கு முன்னாடி; லஹ்சன் தொழுகைக்குப் போயிருந்தான், சத்தம் கேட்டு நான்தான் ஓடினேன். மத்த நாலும் அவன் ஸ்பெயினுக்குப் போனப்புறம். எல்லாமே தூக்கத்துல, விடியக்காலையிலதான். பகல்ல வந்ததில்ல, ஆனா வந்துருமோன்னு பயம். முதல்ல இடது கட்டைவிரல் துடிக்கும். அப்புறம் இடது கை, வாய் இடது பக்கமா இழுக்கும். அதுக்கப்புறம்தான் உடம்பு முழுக்க. நாலு ஃபாத்திஹா ஓதி முடிக்கறதுக்குள்ள நின்னுரும். கடைசித் தடவை அஞ்சாவதுல பாதி வரைக்கும் போச்சு. நின்னதும் குறட்டை விட்டுத் தூங்குவா. ஒரு நாழி கழிச்சு எந்திரிச்சா பேச்சு குழறும். பத்து நாளா வரலை."

ஒரு ஃபாத்திஹா ஓத அரை நிமிடம் ஆகும் என்று நான் டாக்டருக்குக் கணக்குச் சொன்னேன். பிறகு ஒரு ஆண் குரல் மெதுவாகக் கேட்டது. "இடது கட்டைவிரல்தான் முதல்ல, நிச்சயமா?"

"அஞ்சு தடவையும் அந்தக் கையை நான்தான் புடிச்சிட்டிருந்தேன்" என்றாள் லல்லா தமு.

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினான்கு வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன், ஒரு படத்தை வைத்து நோயைச் சொல்லாதே என்று. அடுப்பு, மாடி, இரவுப் படுக்கை, இந்த மூன்றையும் தூர நின்று பார்த்துவிட்டு அந்தக் கிழவிக்கு நானே ஒரு நோயைச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கேள்வி கேட்டதில்லை.

துதா அழுதாள். கண்ணீர் பட்டால் அந்தக் கண் எரியும், ஆனாலும் அழுதாள்.

"காலையில எந்திரிச்சா ஒருக்களிச்சுப் படுத்திருப்பேன், முதுகுக்குத் தலையணை வச்சிருக்கும். நானே வச்சுக்கிட்டேன்னு நெனைச்சேன்."

"வேற யாரு வச்சாங்க? ரோஜாச் செடியா?"

"தெரியும்னு ஏன் லல்லா சொல்லலை?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். நான் முந்திக்கிட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்ப." முதல் முறையாகத் திரும்பிப் பார்த்து, "பேசாம படு, உதட்டுல ரத்தம் வருது" என்றாள்.

துதா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் வாரம் முதுகுத் தோல் உரிந்தது, அதற்குப் பிறகு நின்றது. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் கிஸ்லான் ஆரம்பித்தார், நான் போதும் என்று கையைக் காட்டினேன். கண் தப்பித்தது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் போடுகிறாள். அந்த மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். புது மாத்திரை ஒத்துப்போகிறது. அது மருதாணிப் பையில் இல்லை, சமையலறை அலமாரியில் சர்க்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குரூப்பில் லல்லா தமு ஒரு குரல் செய்தி போட்டாள். அவள் வாழ்நாளில் போட்ட முதல் செய்தி. "துதாவுக்கு வலிப்பு உண்டு, மருந்து சாப்பிடுறா, என் மருமக. இதுக்கு மேல யாருக்கு என்ன தெரியணுமோ என்கிட்ட வந்து நேர்ல கேளுங்க." நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் போகவில்லை.

நான் போனேன். துதா வீடு திரும்பிய மறுநாள் புண்களைப் பார்க்கப் போனேன். அடுப்படியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. துதா நெருப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து மாவு பிசைந்தாள், லல்லா தமு நெருப்புக்கு முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்ததும் மணை ஒன்றை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. கேட்க வேண்டியதை நின்றபடியே கேட்டேன்.

"லல்லா, ஒரு வருஷமா நீங்க எப்பதான் தூங்கினீங்க?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "இப்பதான் ஒருத்தி ஒழுங்கா கேள்வி கேக்குறா" என்றாள்.